மதகு மூடிய நகரம்: பொலன்னறுவை, அன்றும் இன்றும்

திருத்தணிக்குப் பக்கத்து ஊர்தான் திருவாலங்காடு. பெயரிலேயே காடு இருக்கிறது, ஆலமரக் காடு. காலால் மிதிக்கக் கூடாதென்று கயிலையில் தலையால் நடந்த காரைக்கால் அம்மையார் வந்து தங்கிய இடம் என்பதால் எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் அந்த அம்மையைத் தெரியும். வற்றிய மார்பு, எலும்பு தெரியும் தோள், கையில் தாளம். எங்கள் ஊர்க் கோயில்களுக்கே உரியவள் அவள் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இலங்கையின் பொலன்னறுவையில், மண்மூடிக் கிடந்த சிவன் கோயில் இடிபாடுகளிலிருந்து எடுத்த வெண்கலங்களில் அவளும் ஒருத்தி என்று தெரிந்தபோது உடம்பு ஒரு கணம் சிலிர்த்துப் போனது. அதே வற்றிய உடம்பு, அதே தாளம். ஆலங்காட்டு அம்மை கடல் தாண்டிப் போய், அங்கே உண்மையான காட்டுக்குள் அறுநூறு வருஷத்துக்கு மேல் கிடந்திருக்கிறாள்.

அந்தக் காடு எப்படி வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பொலன்னறுவை முதலில் காடாக இருந்து பிறகு நகரமானது மட்டுமல்ல, நகரமாக இருந்து மறுபடி காடானது.

இதில் திருவாலங்காட்டுக்கு இன்னொரு பங்கும் உண்டு. 1905இல் அங்கே கிடைத்த சோழர் செப்பேடுகள் 31 ஏடுகள் கொண்டவை. ராஜேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்பவை. அதன் வடமொழிப் பகுதி ராஜராஜன் படை ஈழத்தை வென்றதைப் பாடும்போது ராமனையே ஒப்பிடுகிறது: அவன் குரங்குகளைக் கொண்டு அணைகட்டிக் கஷ்டப்பட்டு வென்றான், இவனுடைய தளபதியோ கப்பலில் கடந்துபோய் வென்றுவிட்டான் என்கிறது. அந்தக் கப்பல்கள் போய்ச் சேர்ந்த கதையின் மறுமுனைதான் பொலன்னறுவை.

993 வாக்கில் அனுராதபுரம் சோழர் கைக்கு வந்தது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் தலைநகராக இருந்த ஊரை விட்டுவிட்டுச் சோழர்கள் தென்கிழக்கே பொலன்னறுவைக்குப் போனார்கள். காரணம் நிலம்தான். தெற்கே ரோகண நாட்டில் ஒதுங்கியிருந்த சிங்கள அரசர்கள் வடக்கே வருவதற்கு மகாவலி ஆற்றுத் துறைகளைக் கடந்தாக வேண்டும். அந்தத் துறைகளைக் காவல் காக்க வாகான இடம் பொலன்னறுவை. ராஜராஜனின் பட்டப்பெயரால் அதற்கு ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்தார்கள். வானவன் மாதேவி என்ற சோழ அரசியின் பெயரால் ஒரு சிவன் கோயிலும் எழுந்தது. 1070இல் முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றிய பிறகும் தலைநகரம் அங்கேயே நின்றது. சாவடியில் ஆள் மாறினாலும் சாவடி மாறாதது போல, இடம் அவ்வளவு நல்ல இடம்.

அடுத்த நூறு வருஷத்தில் அது கோயில் நகரமாக வளர்ந்தது. புத்தரின் புனிதப் பல் அங்கே வைக்கப்பட்டது. அந்தப் பல்லின் கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொண்டதைச் சொல்லும் கல்வெட்டு தமிழில் இன்றும் அங்கே நிற்கிறது. பௌத்தப் பல்லுக்குத் தமிழ்ப் படை காவல். இன்று இரண்டு பக்கமும் மறக்க விரும்பும் காட்சி அது. கல்லில் வெட்டியிருப்பதால் மறக்க முடியாது. முதலாம் பராக்கிரமபாகு 1153இலிருந்து 1186 வரை ஆண்டபோது லங்காதிலகத்தின் உயரமான செங்கல் சுவர்களும், ஒரே பாறையில் செதுக்கிய கல் விகாரைப் புத்தர்களும் வந்தன. அங்கே படுத்திருக்கும் புத்தர் சுமார் 14 மீட்டர் நீளம்.

ஆனால் அந்த நகரத்தைத் தாங்கியது கோயிலல்ல, ஏரி. அங்கே அதைக் குளம் என்பார்கள்.

பராக்கிரம சமுத்திரத்தின் கரை நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். திருத்தணியில் அந்தக் கரைமேல் ஏறி நடக்கத் தொடங்கினால் திருவாலங்காட்டை ஏறக்குறைய நெருங்கிவிடலாம். கரை உயரம் 12 மீட்டர் அளவு. மழைநீரை மட்டும் நம்பிய ஏரி அல்ல அது. அம்பன் கங்கையை அங்கமெடில்ல என்ற இடத்தில் அணைகட்டித் திருப்பி, வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்தார்கள். பழைய தோப்பாக் குளத்தையும் பக்கத்துக் குளங்களையும் சேர்த்து ஒரு கடலாக்கினார்கள். பராக்கிரமபாகு செப்பனிட்டதாகவோ கட்டியதாகவோ சூளவம்சம் தரும் கணக்கு 163 பெரிய குளங்கள், 2,376 சிறு குளங்கள். அரசனைப் புகழும் நூல் அது என்பதால் எண்ணைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்வேன். ஆனால் குறைத்தாலும் ஒரு விஷயம் மிஞ்சுகிறது: ஒரு குளத்தின் உபரிநீர் அடுத்த குளத்துக்கு வரத்து. மேலே ஒன்று கெட்டால் கீழே பத்து கெடும்.

எங்கள் பக்கத்து ஏரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எப்படிக் கெடும் என்று விளக்க வேண்டியதில்லை. மண்கரையில் முளைக்கும் செடியை வருஷா வருஷம் வெட்ட வேண்டும். விட்டால் மரமாகும். மரம் நிற்கும்வரை ஒன்றும் தெரியாது. அது பட்டுப்போனால் வேர் மண்ணுக்குள்ளேயே மக்கி, அந்த இடத்தில் ஒரு குழாய் உண்டாகிவிடும். நண்டும் எலியும் உடும்பும் அதற்கு உதவி செய்யும். முதலில் கரையின் வெளிப்பக்க அடிவாரம் ஈரமாகிப் புல் பச்சையாகத் தெரியும். பிறகு தெளிந்த தண்ணீர் கசியும். கசிவு கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். அன்றைக்கே மூட்டை போட்டால்தான் உண்டு. மழைக்காலத்து இரவில் அதைப் பார்க்க ஆள் இல்லையென்றால் காலையில் கரை இருக்காது.

பொலன்னறுவைக்காரர்கள் மதகை நுட்பமாகச் செய்திருந்தார்கள். கரைக்குள்ளேயே கல்லும் செங்கல்லும் கட்டிய சதுரக் கிணறு ஒன்று, பிசோகொட்டுவ என்பார்கள். குளத்துத் தண்ணீர் முதலில் அந்தக் கிணற்றுக்குள் விழுந்து வேகம் அடங்கும். அதன்பிறகுதான் வாய்க்காலுக்குப் போகும். அதனால் கரையை அரிக்காது. அருமையான ஏற்பாடு, ஆனால் கிணற்றில் வண்டல் சேர்ந்தால் ஒருவர் உள்ளே இறங்கி எடுத்தாக வேண்டும். யார் இறங்குவது, யார் கூலி கொடுப்பது, எந்த ஊருக்கு எத்தனை நாள் வேலை என்று தீர்மானிக்க ஓர் அதிகாரம் வேண்டும். அரசன், பிக்குகளின் மடங்கள், ஊர்த் தலைவர்கள், நீர்க் கணக்கு அறிந்தவர்கள் என்று அந்த அதிகாரம் பல கைகளில் இருந்தது.

1215இல் கலிங்கத்து மாகன் வந்தான். கேரளப் படையோடு வந்து பொலன்னறுவையைப் பிடித்து இருபது வருஷத்துக்குக் குறையாமல் ஆண்டான். விகாரைகள் இடிக்கப்பட்டதையும், நிலங்கள் பறிக்கப்பட்டதையும், நூல்கள் அறுத்தெறியப்பட்டதையும் சூளவம்சம் துயரத்தோடு சொல்கிறது. நகரம் அழிந்ததற்கு மாகன்தான் காரணம் என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் முடித்துவிடும். எனக்கு அது போதவில்லை. இதற்கு முன்பும் படையெடுப்புகள் வந்திருக்கின்றன. சோழர் வந்தது அனுராதபுரத்துக்குப் பெரிய இடி. ஆனாலும் ஒவ்வொரு முறையும் வென்றவன் வந்து அதே குளத்தைத்தான் திருப்பிச் செப்பனிட்டான். இந்த முறை அப்படி நடக்கவில்லை என்பதுதான் கேள்வி.

பேராசிரியர் கா. இந்திரபாலா 1971இல் பேராதனையிலிருந்து தொகுத்து வெளியிட்ட புத்தகம் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது: வறண்ட வடக்கின் ராஜரட்ட நாகரிகம் ஏன் சரிந்தது, மக்கள் ஏன் தென்மேற்கே நகர்ந்தார்கள் என்று. ஒரே காரணம் சொல்லி அதை மூட முடியாது என்பது அந்தக் கட்டுரைகளை ஒன்றாக வைத்துப் படித்தாலே விளங்கும். எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். நீரைக் கணக்குப் பார்த்தவர்களும் அதற்கு நிலம் வைத்திருந்தவர்களும் முதலில் போனார்கள். மாகன் நிலங்களைத் தன் படைக்குப் பிரித்துக் கொடுத்தபோது, ஏரிவாரியத்துக்கு இணையான அந்த நடுத்தட்டு மனிதர்கள் தெற்கே தம்பதெனியப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். புனிதப் பல்லும் அவர்களோடு போனது. பல் என்பது கையில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய தெய்வம். அது எங்கே இருக்கிறதோ அங்கேதான் அரசன், அங்கேதான் யாத்திரை, அங்கேதான் காணிக்கை. கல் விகாரைப் புத்தரைத் தூக்கிப் போக முடியாது; ஆனால் அவருக்கு வந்துகொண்டிருந்த கூட்டத்தைத் தூக்கிப் போய்விட்டார்கள்.

நகரம் அன்றே காலியானது என்று நினைக்க வேண்டாம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மூன்றாம் பராக்கிரமபாகு, பாண்டிய நாட்டுக்குப் போய்விட்டிருந்த பல்லைத் திரும்பக் கேட்டுப் பெற்று, மறுபடி பொலன்னறுவையில் வைத்து ஆண்டான். 1293 வாக்கில் அவனோடு அது முடிந்தது. அதன்பிறகு குருணாகல், கம்பளை, கோட்டை என்று தலைநகரம் ஓடிக்கொண்டே இருந்தது, திரும்பி வரவில்லை. தென்மேற்கில் வருஷத்தில் இரண்டு மழை. அங்கே நெல்லுக்குக் குளம் கட்டி வாழ வேண்டியதில்லை. கடற்கரை வாணிபமும் அங்கே இருந்தது. ஒரு தலைமுறை அப்படி வாழ்ந்துவிட்டால் 14 கிலோமீட்டர் கரையில் செடி வெட்டுவதற்கு யார் திரும்பிப் போவார்கள்?

இங்கே ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிட வேண்டும். அரசு போனால் எல்லாக் குளமும் போகும் என்பதும் சரியல்ல. வட மத்திய மாகாணத்தில் ஒரு சின்னக் கிராமத்தில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் எட்மண்ட் லீச், அரசன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊர்க் குளத்தை ஊரார் தாங்களே பார்த்துக்கொண்டதைக் கண்டு எழுதினார். உண்மை. ஊர்க் குளம் பிழைத்தது. ஐம்பது குடும்பம் சேர்ந்தால் ஊர்க் கரையைக் காத்துவிடலாம். அம்பன் கங்கை வாய்க்காலை ஐம்பது குடும்பத்தால் காக்க முடியாது. பெரிய நகரத்தை ஊட்டியது பெரிய குளம். அதனால்தான் அனுராதபுரப் பக்கத்துச் சிறு ஊர்கள் தொடர்ந்தபோதும் பொலன்னறுவைக்கு அந்த வழி இல்லாமல் போனது.

உடைந்த குளம் வெறும் நிலமாகாது. கரை அறுந்த இடத்தில் ஆறு ஓடும், பள்ளங்களில் தண்ணீர் தேங்கும். வெயில் படுகிற தெளிந்த தேங்குநீர் இலங்கையின் மலேரியாக் கொசுவுக்குப் பிடித்த இடம். ஓடுகிற நீரிலும் முழுக் குளத்திலும் அது அவ்வளவாகப் பெருகாது. மலேரியாதான் நகரத்தைக் காலி செய்தது என்று சிலர் சொல்வதுண்டு. நான் அதைப் பூட்டு என்று வைத்துக்கொள்கிறேன். மக்களை விரட்டியது வேறு. திரும்ப வராமல் கதவைப் பூட்டியது காய்ச்சல். அதன்பிறகு காடு வருவதற்கு எந்தத் தடையும் இல்லை.

செங்கல் சுவரின் விரிசலில் பறவை எச்சத்தோடு விழுந்த ஆலும் அரசும் முளைக்கும். வேர் பூச்சுக்குள் இறங்கும். மரம் பெருக்கப் பெருக்கச் செங்கல் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போகும். லங்காதிலகத்தின் கூரையும் அரண்மனையின் மரத்தாலான மேல்மாடிகளும் போனது போனதுதான். முழுக்கக் கல்லால் கட்டியதால் வானவன் மாதேவி ஈச்சரம் மட்டும் அடிமுதல் சிகரம் வரை நின்றது. பொலன்னறுவையில் நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையதாக அதைச் சொல்கிறார்கள். வேர் நுழைய அதில் இடுக்கு கிடைக்கவில்லை.

1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. 1817–18இல் ஊவாவில் கிளர்ச்சி எழுந்து, அதை ஒடுக்க ஆங்கிலேயப் படைகள் உள்நாட்டுக் காடுகளில் அலைந்தன. அதுவரை வெள்ளைக்காரன் நடக்காத தடங்களில் நடக்க வேண்டிவந்தது. 1820இல் ஃபேகன் என்ற லெப்டினன்ட் பொலன்னறுவை இடிபாடுகளைப் பார்த்து, தான் கண்டதை அரசாங்க கெசட்டில் எழுதினார். மரம் மூடிய மலைபோலத் தெரிந்தவை மலையல்ல, செங்கல் தாதுகோபங்கள். பிறகு வந்தவர்கள் அந்த இடத்தை அருகிலிருந்த சிற்றூரின் பெயரால் தோப்பாரே என்று குறிப்பிட்டார்கள். இதைக் 'கண்டுபிடிப்பு' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. தோப்பாக் குளத்துப் பக்கம் வேட்டையாடியும் சேனைப்பயிர் வைத்தும் வாழ்ந்தவர்களுக்கு அங்கே புத்தர் நிற்கிறார் என்று தெரியும். அவர்களுக்குத் தெரியாதது, அது எந்த ஊர் என்பது.

அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுத்தவர் படைவீரர் அல்ல, ஒரு நிர்வாக அதிகாரி. ஜார்ஜ் டர்னர் 1826இல் முல்கிரிகல விகாரையில் மகாவம்சத்தின் உரையைப் பெற்று, பாலி நூலைப் படிக்க வழி கண்டு, 1837இல் மகாவம்ச மொழிபெயர்ப்பை அச்சிட்டார். மன்னர்களின் பெயரும் ஆண்டும் கைக்கு வந்ததும், காட்டில் கிடந்த கல்லுக்கும் ஏட்டில் கிடந்த பெயருக்கும் முடிச்சுப் போட முடிந்தது. எச்.சி.பி. பெல் தலைமையில் தொல்லியல் துறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முறையாக மரம் வெட்டி மண் அள்ளியது. 1907–08இல் சிவன் கோயில்களிலிருந்து நடராசர், உமை, நாயன்மார் என்று வெண்கலங்கள் வந்தன. பொன்னம்பலம் அருணாசலம் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். ஆனந்த குமாரசாமியும் எழுதினார். புதைத்து வைத்தவர் யாரோ, எந்த இரவிலோ, திரும்பி வந்து எடுப்போம் என்று நம்பித்தான் மண்ணுக்குள் இறக்கியிருப்பார்கள்.

ஆனாலும் அந்த ஊர் அப்போதும் காட்சிப்பொருள்தான். மரம் வெட்டிய இடத்தில் பார்க்க வந்தவர்கள் இருட்டுவதற்குள் திரும்பினார்கள். காய்ச்சல் பயம். 1934–35இல் மழை பொய்த்து ஆறுகளெல்லாம் குட்டையாகத் தேங்கியபோது, தீவு முழுவதும் சுமார் 80,000 பேர் மலேரியாவில் செத்தார்கள். அந்தக் காலத்தில்தான் விவசாய அமைச்சராக இருந்த டி.எஸ். சேனநாயக்க, மின்னேரியாவில் குடியேற்றம் தொடங்கியிருந்தார். காட்டுக்குள் கொண்டுபோய் விடுகிறார்கள் என்று போக மறுத்தவர்கள் பலர். 1940-களில் பராக்கிரம சமுத்திரத்தின் கரை அடைக்கப்பட்டுத் தண்ணீர் நின்றது. 1946இலிருந்து வீடுவீடாக டிடிடி அடித்தார்கள். 1963இல் நாடு முழுவதும் பதிவான மலேரியா 17 பேருக்குத்தான். அது மறுபடி பெருகி, மறுபடி அடக்கப்பட்டு, 2016இல் இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. பூட்டு அன்றைக்குத்தான் முழுக்கத் திறந்தது.

நான் போனது பெரும்போகம் தொடங்குவதற்கு முந்தைய ஒரு மாதத்தில். 1982இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் இடம் என்பதால் சீட்டு வாங்கும் கூண்டு, சுற்றுலாப் பேருந்து, செருப்பைக் கழற்றச் சொல்லும் காவலாளி எல்லாம் உண்டு. இடிபாடுகளுக்கிடையே குரங்குக் கூட்டங்கள். 1968இலிருந்து அவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பெயர் சொல்லிக் கவனித்துவருகிற ஆய்வு ஒன்று அங்கே நடக்கிறது. வானவன் மாதேவி ஈச்சரத்துக்குள் குனிந்து போனேன். காஞ்சிபுரம் பக்கத்தில் எங்கேயாவது ஒரு சின்னச் சோழர் கோயிலுக்குள் போனதுபோலவே இருந்தது. அதே சதுரக் கருவறை, அதே குளிர்ச்சி.

வெளியே வந்து கரைமேல் ஏறினேன். இடப்பக்கம் கண் எட்டும்வரை தண்ணீர். வலப்பக்கம் வயல். தமிழ் பேசுகிற பெரியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு மதகைப் பார்த்துக்கொண்டு நின்றார். எப்போது திறப்பார்கள் என்று கேட்டேன்.

"கூட்டத்தில திகதி சொல்லுவாங்க தம்பி. அதுக்குப் பிறகுதான் உழவு. முந்தி உழுதாலும் பிந்தி உழுதாலும் தண்ணி கிடைக்காது."

போகத்துக்கு முன்னால் விவசாயிகளும் நீர்ப்பாசன அதிகாரிகளும் உட்கார்ந்து, குளத்தில் எத்தனை அடி நிற்கிறது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் என்று முடிவு செய்யும் கூட்டம் அது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இதே வட மத்திய மாகாணத்தில் 1990-களிலிருந்து, காரணம் இன்னும் முடிவாகாத சிறுநீரக நோய் விவசாயிகளைத் தின்றுகொண்டிருக்கிறது. கிணற்று நீரைச் சந்தேகித்துச் சுத்திகரித்த நீரைக் குடத்தில் வாங்கிப் போகிறார்கள். குளம் நிறைந்து நிற்க, குடிநீருக்குப் பயம்.

பெரியவரிடம் கூட்டத்துக்குப் போவீர்களா என்று கேட்டேன்.

"போகாம? போகாட்டி நம்ம வாய்க்காலுக்குக் கடைசி நாளத்தான் தருவாங்க."

சைக்கிளை எடுத்துக்கொண்டு கரையோரமாகவே போனார். வழியில் ஓரிடத்தில் இறங்கி, கல் சந்தில் முளைத்திருந்த அரசங்கன்று ஒன்றை வேரோடு பிடுங்கித் தண்ணீரில் எறிந்துவிட்டு மறுபடி ஏறினார்.